கேட்டதும் கேட்பதும்

நுழையும்முன்

*பள்ளியில் பாடநூல் கையில் இருக்கிறது; வகுப்பில் தவறவிட்டதை நூலில் தேடிக்கொள்ளலாம். கல்லூரியிலோ, பல நூல்களிலிருந்து ஆசிரியர் திரட்டி நிகழ்த்தும் விரிவுரையே பாடமாகிறது. மாணவர் எழுதிக்கொள்ளும் குறிப்பே அவருடைய பாடநூல் ஆகிறது. ஒரே பக்கத்தை மூன்றாகப் பகுத்துக் குறிப்பெடுக்கும் கார்னெல் முறையை, திருவக்கரைக் கல்மரங்கள் பற்றிய விரிவுரை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வுரைநடை விளக்குகிறது.*

‘கேள்’ என்னும் வினைச்சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. செவிமடுத்தல் ஒன்று, வினவுதல் மற்றொன்று. ஆசிரியர் சொல்வதைக் கேட்கிறோம். புரியாததை அவரிடம் கேட்கிறோம். இவ்விரண்டு கேட்டல்களுக்கும் ஒரே தாளில் தனித்தனி இடம் ஒதுக்குவதுதான் கார்னெல் குறிப்பு முறை. வலப்பகுதி செவியால் கேட்டதற்கு உரியது. இடப்பகுதி நம்மை நாமே கேட்பதற்கு உரியது.

இம்முறையைக் காட்டும் குறுங்காணொலிகளைக் கைப்பேசியில் கண்டிருப்பீர்கள். வெள்ளைத்தாள் ஒன்று, அதில் நெடுக்காக ஒரு கோடு, அடியில் குறுக்காக ஒரு கோடு. கை ஒன்று வலப்புறம் எழுதுகிறது, இடப்புறம் எழுதுகிறது, அடியில் எழுதுகிறது. ஓரிரு நிமிடங்களில் பக்கம் நிறைந்துவிடுகிறது. காண்பவர் மனத்தில் கோடுகள் பதிகின்றன. ஆனால், காணொலி சுருக்கிவிடும் ஒன்று உண்டு; அது காலம். அம்மூன்று பகுதிகளும் ஒரே நேரத்தில் எழுதப்படுபவை அல்ல. வலப்பகுதி வகுப்பிலும், இடப்பகுதியும் அடிப்பகுதியும் வகுப்பு முடிந்தபின் அன்றைக்குள்ளும் எழுதப்படுகின்றன. அதன்பிறகு ஒரு வாரம் வரையிலும் அதற்கு அப்பாலும் அப்பக்கம் மறைத்துச் சொல்லப்படுகிறது. இக்கால இடைவெளிதான் இம்முறையின் உயிர். கோடுகள் அதற்குத் துணைசெய்பவை மட்டுமே.

முறை பிறந்த இடம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்னும் ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கு மாணவர்களுக்குப் படிப்புத்திறன் பயிற்றிவந்தவர் வால்டர் பாக். கல்லூரியில் கற்பது எப்படி என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. அந்நூலின் வழியாகவே இம்முறை பிற நாடுகளுக்குப் பரவியது. பல்கலைக்கழகத்தின் பெயரே முறைக்கும் பெயராயிற்று.

வகுப்பில் எழுதுதல், வினாவாகச் சுருக்குதல், மறைத்துச் சொல்லுதல், சிந்தித்தல், மீள்பார்வையிடுதல் என்னும் ஐந்து செயல்களாக அவர் இதனை வகுத்தார். இவ்வைந்தனுள் வகுப்பறைக்குள் நிகழ்வது முதலாவது மட்டுமே என்பதை நினைவிற்கொள்க.

பக்கத்தைப் பகுத்தல்

பாக் கூறிய அளவுகள் அமெரிக்கத் தாளுக்கு உரியவை. அங்குல அளவில் இடப்பகுதி இரண்டரை, வலப்பகுதி ஆறு, அடிப்பகுதி இரண்டு. நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உடையது. அதில் இடப்புறம் 6 செ.மீ. விட்டு நெடுக்குக் கோடும், அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் குறுக்குக் கோடும் இடுக. நெடுக்குக் கோடு குறுக்குக் கோட்டைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். வலப்புறம் 15 செ.மீ. அகலம் எஞ்சும். பக்கத்தின் தலையில் பாடம், நாள், பக்க எண் ஆகியவற்றை எழுதுக.

குறிப்பேடுகளில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் ஓரக்கோடு இதற்குப் போதாது. அவ்விடத்தில் ஒரு சொல்லை எழுதலாம். ஒரு வினாவை எழுத முடியாது. இடப்பகுதியில் முழு வினா அமைய வேண்டும் என்பதாலேயே பக்கத்தின் கால் பங்குக்கும் மேலான அகலம் அதற்குத் தரப்படுகிறது. கோடுகளை முதல்நாளே இட்டு வைப்பது நன்று.

வகுப்பில்: வலப்பகுதி

விழுப்புரத்திலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் திண்டிவனம் சென்று கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர். அன்று தாவரவியல் வகுப்பு. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையின் கல்மரப் பூங்கா பற்றிப் பேராசிரியர் பின்வருமாறு பேசுவதாகக் கொள்வோம்.

“திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் அங்கேயே வளர்ந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. நன்றாகப் பாருங்கள். அந்த அடிமரங்களில் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. எல்லாம் படுத்த நிலையில் கிடக்கின்றன. ஆகவே, அவை வேறோர் இடத்தில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, இங்கே மணலில் புதைந்தவை என்பது நிலவியலாரின் முடிவு. அது நடந்து ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் ஆகின்றன. சரி, புதைந்த மரம் மட்கிப்போக வேண்டுமே, ஏன் மட்கவில்லை? மணலும் வண்டலும் விரைவாக மூடிவிட்டதால் காற்று புகவில்லை. காற்று இல்லாத இடத்தில், மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை மிகவும் குறைந்துவிடும். பிறகு, நிலத்தடி நீர் மரத்துக்குள் ஊடுருவியது. அந்த நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. அது மரத்தின் உயிரணுக்களில் சிறிது சிறிதாகப் படிந்தது. மரப்பொருள் நீங்க நீங்க, அந்த இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. இதைத்தான் பெட்ரிஃபிகேஷன் என்கிறோம். அதனால்தான், கல்லான பின்னும் மரத்தின் வளையங்களைப் பார்க்க முடிகிறது. 1781இல் சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் இவற்றைப் பதிவு செய்தார்.”

இப்பகுதியைப் பேசுவதற்கு ஒன்றரை நிமிடம் அளவே ஆகும். ஒரு சொல்லும் விடாமல் கையால் எழுத ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. எழுதிப் பார்த்தே இதனை அறியலாம். சொல்லுக்குச் சொல் எழுத முயல்பவர் மூன்றாவது தொடரை எழுதும்போது, பேராசிரியர் சிலிக்காவுக்குச் சென்றிருப்பார். எனவே, எதை எழுதுவது, எதை விடுவது என்னும் தெரிவு தவிர்க்க இயலாதது.

தெரிவுக்கு மூன்று குறிகள் உதவும். முதலாவது, ஆசிரியரே எழுப்பும் வினா. “ஏன் மட்கவில்லை?” என்று அவர் கேட்கும்போது, அடுத்து வருவது பாடத்தின் ஓர் உறுப்பு என்று அறியலாம். இரண்டாவது, ‘ஆகவே’, ‘அதனால்தான்’, ‘ஆனால்’ போன்ற இணைப்புச் சொற்கள். இவை காரணமும் விளைவும் கூடும் இடங்களைக் காட்டுகின்றன. மூன்றாவது, கலைச்சொல்லும் எண்ணும். இவற்றைப் பின்னர் நினைவிலிருந்து மீட்பது அரிது. ஆதலின் உடனே எழுதிவிட வேண்டும். அசுரனின் கதை இம்மூன்றனுள் எதிலும் அடங்காமையால் அதனை விட்டுவிடலாம்.

தமிழில் சுருக்கி எழுதும்போது ஒரு வசதி உண்டு. வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் நீக்கினாலும் பெயர்ச்சொற்களும் அம்புக்குறியும் கருத்தைத் தாங்கிக்கொள்ளும். “மணலும் வண்டலும் விரைவாக மூடிவிட்டதால் காற்று புகவில்லை” என்னும் தொடர், “மணல், வண்டல் விரைந்து மூடல் → காற்று இல்லை” என்றாகும். காரணத்திலிருந்து விளைவை நோக்கியே அம்பு செல்ல வேண்டும். ஒரே அம்பைச் சில இடங்களில் காரணத்துக்கும் சில இடங்களில் வரிசைமுறைக்கும் பயன்படுத்தினால், ஒரு வாரம் கழிந்தபின் எழுதியவருக்கே அது விளங்காது.

ஆங்கிலக் கலைச்சொல் காதில் விழுந்து எழுத்துக்கூட்டு தெரியாதபோது, கேட்ட ஒலியை அப்படியே தமிழில் எழுதி அதன்கீழ்க் கோடிடுக. எழுத்துக்கூட்டைப் பின்னர் நூலகத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். அதை எண்ணி நின்றால் அடுத்த இரண்டு கருத்துகள் போய்விடும். அவ்வாறே, ஏதேனும் ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வரியை வெறுமையாக விட்டு வினாக்குறி இடுக. வெறுமையான வரி, அங்கே ஒன்று விடுபட்டது என்பதை நினைவூட்டும். இடைவெளியின்றி எழுதப்பட்ட குறிப்பிலோ, விடுபட்டது விடுபட்டதாகவே தெரியாது.

> தெரிந்து தெளிவோம்
>
> சுருக்கக் குறியீடுகள் தமிழுக்குப் புதியன அல்ல. பழைய ஆவணங்களிலும் கணக்கேடுகளிலும் நாளைக் குறிக்க ௳, மாதத்தைக் குறிக்க ௴, ஆண்டைக் குறிக்க ௵, ‘மேற்படி’ என்பதைக் குறிக்க ௸ ஆகிய குறிகள் வழங்கின. முன்னர்க் கூறிய பெயர் மீண்டும் வரும் இடங்களில் ‘மேற்படி’க் குறியை இன்றும் குறிப்பேட்டில் பயன்படுத்தலாம்.

வகுப்பு முடியும்போது மாணவியின் வலப்பகுதி நிறைந்திருக்கிறது. இடப்பகுதியும் அடிப்பகுதியும் வெறுமையாக உள்ளன. அவ்வாறு இருப்பதே முறை.

அன்றே: இடப்பகுதியும் அடிப்பகுதியும்

வகுப்பில் பேசியது காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, அதாவது அன்று மாலைக்குள், இடப்பகுதியை எழுத வேண்டும். முதலில் வலப்பகுதியை ஒருமுறை படித்து, விளங்காத சுருக்கங்களை விரித்து, வினாக்குறி இட்ட இடங்களைத் தோழியரிடமோ ஆசிரியரிடமோ கேட்டு நிரப்புக. பின்னர், ஒவ்வொரு பகுதிக்கும் நேர் எதிரே, அப்பகுதியையே விடையாகக் கொண்ட வினாவை இடப்புறம் எழுதுக. இறுதியில், பக்கம் முழுவதும் சொல்வதை ஓரிரு தொடர்களில் அடியில் எழுதுக.

மாணவி எழுதிய பக்கம் பின்வருமாறு அமைகிறது.

| இடப்பகுதி: வினாக்கள் | வலப்பகுதி: வகுப்புக் குறிப்பு |
|---|---|
| இவை இங்கு வளர்ந்தவை அல்ல என்பதற்குச் சான்று என்ன? | 1. அங்கேயே வளர்ந்தவை அல்ல – வேர், கிளை, இலை இல்லை, படுத்த நிலை. வேறிடம் → வெள்ளம் → மணலில் புதைவு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டு முன் |
| புதைந்த மரம் ஏன் மட்கவில்லை? | 2. மட்காமை – மணல், வண்டல் விரைந்து மூடல் → காற்று இல்லை → நுண்ணுயிர் வேலை குறைவு |
| மரம் எவ்வாறு கல்லாகிறது? கல்லான பின்னும் வளையம் தெரிவது ஏன்? | 3. கல்லாதல் (பெட்ரிஃபிகேஷன்) – நிலத்தடி நீர் + கரைந்த சிலிக்கா → உயிரணுவில் படிவு. மரப்பொருள் நீங்க, சிலிக்கா அவ்விடம் பிடித்தல். சான்று: வளையம் |
| பதிவு செய்தவர் யார்? எப்போது? | 4. பதிவு – சொன்னேரா, பிரெஞ்சு, 1781 |

*அடிப்பகுதி: வேறிடத்தில் வளர்ந்த மரங்கள் வெள்ளத்தில் வந்து விரைவாகப் புதைந்தமையால் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் உள்ளமைப்பு குலையாமல் அதன் இடத்தைப் பிடித்துக் கல்லாக்கியது.*

வினாவை அமைப்பதில்தான் இம்முறையின் திறம் உள்ளது. மூன்றாம் பகுதிக்கு எதிரே மாணவி ‘சிலிக்கா’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதியிருக்கலாம். அச்சொல்லைக் காணும்போது, “ஆம், இது எனக்குத் தெரியும்” என்னும் எண்ணம் தோன்றும். ஆனால், அது எதையும் சொல்லுமாறு கட்டாயப்படுத்தாது. “சிலிக்கா மரத்தைக் கல்லாக்கியதா?” என்று எழுதியிருந்தால் ‘ஆம்’ என்பதோடு விடை முடிந்துவிடும். “கல்லான பின்னும் வளையம் தெரிவது ஏன்?” என்று கேட்கும்போது, படிதல், மரப்பொருள் நீங்குதல், இடம்பிடித்தல் ஆகிய மூன்றையும் சொல்லாமல் விடைகூற இயலாது. வலப்பகுதியின் இரண்டு மூன்று வரிகளை ஒருசேர வெளிக்கொணரும் வினாவே நல்ல வினா. ‘ஏன்’, ‘எவ்வாறு’, ‘சான்று என்ன’ ஆகியவற்றால் அமையும் வினாக்கள் பெரும்பாலும் அவ்வாறு அமையும். ஆண்டு, பெயர் போன்ற செய்திகளுக்கு மட்டும் ‘யார்’, ‘எப்போது’ போதும்.

அடிப்பகுதிச் சுருக்கத்திற்கும் ஒரு சோதனை உண்டு. “இன்று திருவக்கரைக் கல்மரங்கள் பற்றிப் பார்த்தோம்” என்னும் தொடரை, வகுப்புக்கு வராதவரும் பலகையில் உள்ள தலைப்பைக் கண்டு எழுதிவிடலாம். எனவே, அது சுருக்கம் ஆகாது. பாடத்தின் பொருளை அல்லாமல், அப்பொருளைப் பற்றிப் பாடம் என்ன சொன்னது என்பதை எழுதுவதே சுருக்கம்.

மறைத்துச் சொல்லுதல்

மறுநாள் மாலை, திண்டிவனத்தில் வண்டியேறிய மாணவி அப்பக்கத்தை எடுக்கிறார். வலப்பகுதியை வெள்ளைத்தாளால் மறைத்து, இடப்புற வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்து, விடையைத் தம் சொற்களில் தமக்குள் சொல்லிக்கொள்கிறார். சொல்லி முடித்த பின்னரே தாளை விலக்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார். முதல் வினாவுக்கு விடை முழுமையாக வந்துவிட்டது. இரண்டாம் வினாவுக்கு, “மணல் மூடிவிட்டது” என்பதோடு நின்றுவிட்டது. காற்றும் நுண்ணுயிரும் நினைவுக்கு வரவில்லை. அவ்வினாவின் அருகே ஒரு புள்ளி வைக்கிறார். வண்டி மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் கடந்து விழுப்புரத்தை அடைவதற்குள் அன்றைய பக்கங்கள் முடிந்துவிடுகின்றன. வார இறுதியில் மீண்டும் எடுக்கும்போது, புள்ளி வைத்த வினாக்களிலிருந்து தொடங்குகிறார்.

மீண்டும் மீண்டும் படிப்பதைவிட மறைத்துச் சொல்லுவது ஏன் மேலானது? அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலார் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஓர் உரைப்பகுதியை மாணவர்களிடம் கொடுத்தனர். ஒரு குழுவினர் நான்கு வேளையும் அதனைப் படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் படித்து, அடுத்த மூன்று வேளைகளில் பகுதியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்குமுறை படித்தவர்கள் 83 விழுக்காட்டையும், நினைவிலிருந்து எழுதியவர்கள் 71 விழுக்காட்டையும் கூறினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. படித்தவர்களிடம் 40 விழுக்காடே எஞ்சியிருந்தது. நினைவிலிருந்து எழுதியவர்களிடமோ 61 விழுக்காடு இருந்தது.

இம்முடிவில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. படித்து முடித்த அந்த நேரத்தில், திரும்பத்திரும்பப் படித்தவருக்கே மிகுதியாகத் தெரிகிறது. அதனால்தான், தேர்வுக்கு முந்தைய இரவில் குறிப்பை நான்குமுறை படித்தவர் எல்லாம் தெரிந்துவிட்டதாக உணர்கிறார். அவ்வுணர்வு அந்நேரத்துக்கு உண்மையே, ஆனால் நிலைப்பதில்லை. மறைத்துச் சொல்பவருக்குத் தொடக்கத்தில் தடுமாற்றமே மிகுதி. ஆயினும், முயன்று மீட்ட நினைவு நெடுநாள் நிற்கிறது. தடுமாற்றத்தைக் கண்டு, முறை பயன்தரவில்லை என்று கருதித் தாளை விலக்கிவிடுவோர் பலர். உண்மையில், அவர்கள் முறையைக் கைவிடும் இடமே அது வேலை செய்யத் தொடங்கும் இடமாகும்.

வினவிக் கற்பது நம் மரபிலும் ஊன்றியதே. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், பாடம் கேட்கும் மாணவர் செய்ய வேண்டுவனவற்றுள் கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், தம்மொத்தவருடன் பயிலுதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடையளித்தல் ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. தோழியர் இருவர் தத்தம் பக்கங்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் இடப்பகுதியைப் படிக்க மற்றவர் விடை சொன்னால், இந்நான்கும் ஒரே அமர்வில் நிறைவேறிவிடும்.

பிழைபடும் இடங்கள்

மாணவரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை, இடப்பகுதியை வகுப்பிலேயே நிரப்பிவிடுவது. காணொலியில் மூன்று பகுதிகளும் அடுத்தடுத்து நிறைவதைக் கண்டு, அவ்வாறே செய்ய முயல்வதால் இது நேர்கிறது. இதனைக் கண்டறிவது எளிது. இடப்புறத்தில் வினாக்களுக்கு மாறாகத் தலைப்புகள் இருக்கும்; இரு பகுதிகளும் ஒரே கைவேகத்தில் எழுதப்பட்டிருக்கும். இத்தகைய பக்கத்தில் கோடு உண்டு, முறை இல்லை.

இரண்டாவது பிழை, வினாவிலேயே விடையை வைத்துவிடுவது. “வேரும் கிளையும் இல்லாமையால் இவை அடித்து வரப்பட்டவை என்பது எவ்வாறு தெரிகிறது?” என்று எழுதினால், வலப்பகுதியை மறைத்தும் பயன் இல்லை. வினாவை வகுப்புக்கு வராத ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவரால் விடைகூற முடிந்தால், வினாவைத் திருத்தி எழுத வேண்டும்.

இம்முறை எல்லா வகுப்புகளுக்கும் ஒரேவகையில் பொருந்துவதில்லை. கணிதத்தில் தேற்றத்தை நிறுவும்போது ஒவ்வொரு படியும் வலப்புறத்தில் முழுமையாக இருக்க வேண்டும். அங்குச் சுருக்கத்திற்கு இடமில்லை. அவ்வகுப்பில் இடப்புறத்து வினா, “மூன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்கு எந்த விதியால் வந்தோம்?” என்று அமையலாம். ஆசிரியர் பாடத்தைச் சொல்லச்சொல்ல மாணவர் முழுமையாக எழுதிக்கொள்ளும் வகுப்புகளும் உண்டு. அங்கு வலப்பகுதி நீண்டுவிடும். தெரிவு செய்யும் வேலை வகுப்பில் நிகழாது. ஆகவே, அவ்வேலை முழுவதும் மாலையில் இடப்பகுதிக்கு வந்துசேர்கிறது. அத்தகைய பக்கங்களுக்கு வினா எழுதச் சற்று மிகுதியான நேரம் ஒதுக்க வேண்டும். செய்முறை வகுப்பில் வரையும் படங்களுக்கு அகலமான இடம் வேண்டும் ஆதலின், அங்கு நெடுக்குக் கோட்டைத் தவிர்த்து, வினாக்களைப் படத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு பருவத்தின் முடிவில் ஒரு பாடத்திற்கு நாற்பது, ஐம்பது பக்கங்கள் சேர்ந்துவிடும். பழைய பக்கங்களுக்கு வாரந்தோறும் பத்து நிமிடமேனும் ஒதுக்க வேண்டும் என்பது பாக் கூறும் வழி. பத்து நிமிடத்தில் எல்லாப் பக்கங்களையும் படிக்க இயலாது. ஆனால், இடப்பகுதியில் புள்ளி வைத்த வினாக்களை மட்டும் கேட்டுக்கொள்ள முடியும். அடிப்பகுதிச் சுருக்கங்களை வரிசையாகப் படித்தால், பாடம் முழுவதன் ஓட்டமும் கண்முன் வரும். திருவக்கரைப் பக்கத்தில் எஞ்சியிருந்த ஒரு புள்ளியையும் மாணவி மூன்றாம் வாரத்தில் அடித்துவிடுகிறார். காற்று, நுண்ணுயிர் இரண்டையும் தாளை விலக்காமலே அவரால் சொல்ல முடிந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஆசிரியர் அடுத்து நடத்தும் அறிவியல் அல்லது வரலாற்றுப் பாடத்தை மூன்று பகுதிப் பக்கத்தில் குறிப்பெடுக்க. இடப்பகுதியை அன்று மாலை எழுதி, மறுநாள் தோழருடன் பக்கத்தை மாற்றிக்கொண்டு ஒருவரையொருவர் வினவுக.
2. குறிப்பு முறையைக் காட்டும் குறுங்காணொலி ஒன்றைக் கண்டு, அதில் காட்டப்படும் செயல்கள் எவ்வெப்போது நிகழ வேண்டியவை எனக் கால அட்டவணை ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. பக்கத்தின் இடப்பகுதி எழுதப்பட வேண்டிய நேரம்
 அ) வகுப்பு தொடங்கும் முன் ஆ) வகுப்பு நடக்கும்போது இ) வகுப்பு முடிந்தபின் அன்றைக்குள் ஈ) தேர்வுக்கு முந்தைய நாள்

*குறுவினா*

2. குறிப்பெடுக்கும்போது தவறவிட்ட இடத்தில் வெறுமையான வரி விடுவது ஏன்?
3. ‘கேள்’ என்னும் சொல்லின் இரு பொருள்கள் பக்கத்தின் இரு பகுதிகளோடு எவ்வாறு பொருந்துகின்றன?

*சிறுவினா*

4. நல்ல வினாவுக்கும் பயனற்ற வினாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருவக்கரை எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.

*நெடுவினா*

5. மீண்டும் மீண்டும் படித்தல், மறைத்துச் சொல்லுதல் ஆகிய இரண்டையும் 2006ஆம் ஆண்டு ஆய்வின் முடிவுகளோடு ஒப்பிட்டு, பக்கத்தை மூன்றாகப் பகுப்பதன் பயனை விவரிக்க.